கண் மஞ்சளும் கடுந்தேநீர் நிறச் சிறுநீரும்

"என் அண்ணனுக்கு 38 வயது. போன வாரம் லேசான காய்ச்சல், குமட்டல், சாப்பாடே வேண்டாம் என்றார். இப்போது காய்ச்சல் இல்லை, ஆனால் கண் மஞ்சளாக இருக்கிறது, சிறுநீர் கடுந்தேநீர் மாதிரி போகிறது. வலி எதுவும் இல்லை, தெம்பாகத்தான் இருக்கிறேன், தானாகச் சரியாகிவிடும் என்கிறார். பத்து நாள் பார்த்துவிட்டு டெஸ்ட் எடுக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக் காலையிலாவது ரத்தம் கொடுத்துவிடுங்கள். தானாக ஆறிவிடும் வகைக் காமாலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அண்ணன் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் இதே கண்ணோடு, இதே சிறுநீரோடு தொடங்கி ஒரே வாரத்தில் கைமீறிப் போகிற வகைகளும் உண்டு. கல்லீரல் நோயாளிகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். முகத்தைப் பார்த்து மட்டும் இந்த இரண்டையும் பிரிக்க என்னால் முடியாது. ரத்தப் பரிசோதனை பிரித்துச் சொல்லும்.

சிறுநீரின் நிறத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான தகவல் அதுதான். நம் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து உடைகின்றன. அந்த உடைசலிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் வருகிறது. முதலில் உருவாகும் பிலிருபின் நீரில் கரையாது. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது கல்லீரலுக்குப் போகும், அதனால் சிறுநீரகத்தின் வடிகட்டி வழியாக வெளியே வர முடியாது. கல்லீரல் அதை ஒரு சர்க்கரை அமிலத்தோடு இணைத்து நீரில் கரையும்படி மாற்றுகிறது. மாற்றியதைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவது இதனால்தான்.

ஆக, சிறுநீரில் பிலிருபின் இறங்குகிறது என்றால் அது கல்லீரலால் ஏற்கெனவே மாற்றப்பட்ட பிலிருபின். குடலுக்குப் போயிருக்க வேண்டியது ரத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, கல்லீரல் செல்கள் காயப்பட்டு உள்ளே இருப்பது கசிகிறது. இல்லையென்றால், பித்தக்குழாயில் எங்கோ அடைப்பு இருந்து தேங்கியது பின்னுக்கு வருகிறது. கண் மஞ்சளாகியும் சிறுநீர் வழக்கமான நிறத்திலேயே இருந்தால் கதை வேறு. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைவதோ, கில்பர்ட் என்ற தீங்கில்லாத பிறவி இயல்போ அதற்குக் காரணமாக இருக்கலாம். உங்கள் அண்ணன் அந்தப் பக்கம் இல்லை.

இதில் சில குழப்பங்கள் வரும். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் சிறுநீர் அடர்ந்துபோகும், ஆனால் நன்றாகத் தண்ணீர் குடித்ததும் தெளிந்துவிடும். பிலிருபின் இருந்தால் தண்ணீர் குடித்தாலும் அந்தப் பழுப்பு விடாது, குலுக்கினால் நுரைகூட மஞ்சளாக இருக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகும். அது மருந்தின் சாயம், கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். சிவப்பணுக்கள் திடீரென்று மொத்தமாக உடைந்தால் சிறுநீர் சிவந்த கறுப்பாகும், ஆள் வெளுத்துப்போய் மூச்சு வாங்குவார். அதுவும் அவசரம்தான்.

கண்ணைச் சரியாகப் பார்த்தீர்களா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எதையும் நம்ப முடியாது. பகல் வெளிச்சத்தில், அவரைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே வெள்ளை முழுவதும் சீராக மஞ்சளாக இருந்தால் காமாலைதான். வெளியில் தெரியும் பகுதியில் மட்டும் திட்டுத்திட்டாகப் பழுப்பு இருப்பது பலருக்கு இயல்பு. பிலிருபின் சாதாரணமாக 1.2 மில்லிகிராமுக்குள் இருக்கும், அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில். அது கிட்டத்தட்ட 3 ஆகும்போதுதான் கண்ணில் பளிச்சென்று தெரியும். கண்ணில் தெரிந்துவிட்டது என்றால் கோளாறு தொடங்கிச் சில நாட்களாவது ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பரிசோதனை எதைச் சொல்லும்? ஒரு உதாரணம் வைத்துச் சொல்கிறேன். இரண்டு பேர் வருகிறார்கள், இருவருக்கும் பிலிருபின் 8. கண்ணும் ஒரே மஞ்சள், சிறுநீரும் ஒரே நிறம். முதல் ஆளின் அறிக்கையில் எஸ்ஜிபிடி 2,400, ஏஎல்பி 150. இரண்டாவது ஆளுக்கு எஸ்ஜிபிடி 110, ஏஎல்பி 620. எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதி, வழக்கமாக 40 சுற்றளவில் இருக்கும். அது ஆயிரக்கணக்கில் ஏறினால் செல்கள் உடைந்து கொட்டுகின்றன என்று பொருள். முதல் ஆளுக்கு வைரஸோ மருந்தோ காரணமாக இருக்கும். ஏஎல்பி பித்தக்குழாயைச் சார்ந்த நொதி. அது பல மடங்கு ஏறி எஸ்ஜிபிடி கொஞ்சமாக மட்டும் ஏறியிருந்தால் பித்தம் போகும் பாதையில் தடை. இரண்டாவது ஆளுக்கு உடனே வயிற்று ஸ்கேன் வேண்டும். முதல் ஆளுக்குத் தேவை கண்காணிப்பு, இரண்டாவது ஆளுக்குத் தேவை அடைப்பை நீக்குவது. வீட்டில் உட்கார்ந்து பத்து நாள் பார்த்தால் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

இந்தக் கணக்கு எப்போதும் இவ்வளவு சுத்தமாக அமையாது. பித்தக்கல் ஒன்று குழாயில் சிக்கிய முதல் ஓரிரு நாளில் எஸ்ஜிபிடி ஆயிரத்தைக்கூடத் தொட்டுவிட்டு வேகமாக இறங்கும். அதை மஞ்சள் காமாலை வைரஸ் என்று நினைத்து ஸ்கேன் எடுக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நொதி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஒன்று எடுத்துவிடுவதே என் வழக்கம்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. "லிவர் டெஸ்ட்" என்று கேட்டால் பல இடங்களில் பிலிருபின், எஸ்ஜிபிடி, ஏஎல்பி, ஆல்புமின் மட்டும் எடுத்துத் தருவார்கள். அதோடு பிடி-ஐஎன்ஆர் என்ற ரத்த உறைவுப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். மற்ற எண்கள் கல்லீரலுக்கு எவ்வளவு அடி விழுந்திருக்கிறது என்று சொல்கின்றன. அடி வாங்கிய கல்லீரல் இன்னும் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ஐஎன்ஆர். ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது. அவற்றில் ஒன்றான ஏழாம் காரணியின் ஆயுள் மிகக் குறுகியது, சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். எனவே கல்லீரல் வேலையை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ஐஎன்ஆர் ஏறத் தொடங்கும். ஆல்புமின் அப்படிக் காட்டாது, அதன் ஆயுள் மூன்று வாரத்தை ஒட்டியது.

முதல் ஆளின் கதையை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போம். முதல் நாள் எஸ்ஜிபிடி 2,400, பிலிருபின் 8, ஐஎன்ஆர் 1.3. சாதாரண ஐஎன்ஆர் 1 சுற்றளவில் இருக்கும், ஆக இது லேசான உயர்வு. ஆள் நடக்கிறார், பேசுகிறார். நான்காம் நாள் மறுபடி எடுத்தால் எஸ்ஜிபிடி 900. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அதே அறிக்கையில் பிலிருபின் 14, ஐஎன்ஆர் 2.4. இது நல்ல செய்தி இல்லை. எஸ்ஜிபிடி இறங்கியது காயம் ஆறியதால் அல்ல, கசிவதற்குச் செல்களே குறைந்துபோனதால். உண்மையாகவே தேறுகிறவருக்கு எஸ்ஜிபிடி இறங்கும்போது ஐஎன்ஆரும் இறங்கும் அல்லது அசையாமல் நிற்கும், பிலிருபின் சில நாள் தாமதித்து இறங்கும். எஸ்ஜிபிடி இறங்க, மற்ற இரண்டும் ஏறினால் கல்லீரல் தோற்றுக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் அவர் பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது. ஐஎன்ஆர் 1.5க்கு மேல், கூடவே இந்தக் குழப்பம். இரண்டும் சேர்ந்தால் அதற்குப் பெயர் திடீர் கல்லீரல் செயலிழப்பு. கல்லீரல் மாற்று வசதி உள்ள மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும்.

இங்கேதான் முதல் நாள் பரிசோதனையின் பயன் தெரியும். முதல் நாள் எண் கையில் இல்லாவிட்டால், நான்காம் நாள் வந்த 900 ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு முறை எடுத்து நிறுத்திவிடாதீர்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையாவது மறுபடி எடுக்கச் சொல்வேன். ஐஎன்ஆர் ஏறியிருந்தால் தினமும்.

ஐஎன்ஆர் ஏறியதெல்லாம் செயலிழப்பு என்று பயந்துவிடவும் வேண்டாம். உறைவுப் புரதங்களுக்கு வைட்டமின் கே தேவை, அதை உறிஞ்சக் குடலில் பித்தம் தேவை. பித்தக்குழாய் அடைந்தவருக்குக் கல்லீரல் நன்றாக இருந்தாலும் ஐஎன்ஆர் ஏறலாம். வைட்டமின் கே ஊசி போட்டு மறுநாள் பார்த்தால் அவருக்கு இறங்கிவிடும். கல்லீரலே தோற்றவருக்கு இறங்காது.

அடைப்பு வகையைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் அண்ணன் மலத்தின் நிறத்தைக் கவனிக்கிறாரா என்று கேளுங்கள். களிமண்போல வெளுத்துப் போனால், உடம்பெல்லாம் அரிப்பும் இருந்தால், பித்தம் குடலுக்கே இறங்கவில்லை. வைரஸ் காமாலையிலும் சில நாள் இப்படி இருக்கலாம், ஆனாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கேனில் பித்தக்குழாய் விரிந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. குழாயின் கீழ்முனையில் இருக்கும் சிறு கல்லைக் குடல் வாயு மறைத்துவிடும், அதனால் "கல் தெரியவில்லை" என்பதை "கல் இல்லை" என்று படிக்க வேண்டாம். குழாய் விரிந்திருந்தால் அடுத்தது எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ வகை ஸ்கேன். கல் என்று உறுதியானால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பி போட்டு எடுத்துவிடலாம்.

அடைப்போடு குளிர் நடுக்கக் காய்ச்சல் சேர்ந்தால் தேங்கிய பித்தத்தில் கிருமி பிடித்திருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் அந்தப் பித்தத்திலிருந்து கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும். சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழலாம். ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது, பித்தத்தை வடித்துவிட வேண்டும். அது விடியும்வரை காத்திருக்கிற வேலை இல்லை.

"வலி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை ஆறுதலாகச் சொல்கிற தொனி தெரிகிறது. வலி இல்லாதது நல்ல அறிகுறி என்று இந்த விஷயத்தில் நான் எடுத்துக்கொள்வதில்லை. கல் அடைத்தால் பெரும்பாலும் வலிக்கும். வலியே இல்லாமல் மெல்ல மெல்ல மஞ்சள் ஏறி, எடை குறைந்து, அரிப்பு வந்தால் கணையத்தின் தலைப்பகுதியிலோ பித்தக்குழாயிலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குறிப்பாக வயது 50ஐத் தாண்டியவர்களுக்கு. 38 வயதில், காய்ச்சலோடு தொடங்கிய காமாலையில் அதற்கு வாய்ப்பு குறைவு. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இப்படி இருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். அந்தக் கட்டியை அறுவை செய்து எடுக்க முடியுமா முடியாதா என்பது எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மருத்துவரிடம் போகும்போது கடந்த மூன்று மாதத்தில் அண்ணன் சாப்பிட்ட எல்லா மருந்தின் அட்டையையும் எடுத்துப்போங்கள். மூலிகைப் பொடி, உடற்பயிற்சிக்காகச் சாப்பிட்ட சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து. இவையும் கல்லீரலைக் காயப்படுத்தும், ஆனால் "மருந்து சாப்பிட்டீர்களா" என்று கேட்டால் யாரும் இவற்றைச் சொல்வதில்லை. போன வாரக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எத்தனை மாத்திரை போட்டார் என்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். நல்ல கல்லீரல் உள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சளி மாத்திரையிலும் வலி மாத்திரையிலும் அதே மருந்து ஒளிந்திருப்பதால் தெரியாமலே தாண்டிவிடுகிறார்கள். இந்த அளவு மீறலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது. அளவு மீறிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். தாமதமானாலும் பயன் உண்டு, ஆனால் குறையும். கண் மஞ்சளாவதோ இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். காசநோய் மருந்து சாப்பிடுகிறவருக்குக் கண் மஞ்சளானால் அடுத்த வேளை மாத்திரை போடும் முன்பே அந்த மருத்துவரைக் கூப்பிட வேண்டும். காரணம் தெரியும்வரை மதுவும், காமாலைக்கென்று யாரோ கொடுக்கும் எந்த மருந்தும் வேண்டாம். காயப்பட்ட கல்லீரலுக்கு இன்னொரு சந்தேகத்தைச் சேர்க்கக் கூடாது.

எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்வது அண்ணனுக்காக மட்டும் இல்லை. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ நான்குக்கும் தனித்தனி ரத்தப் பரிசோதனை உண்டு. ஏ, இ இரண்டும் மாசுபட்ட தண்ணீர், உணவு வழியாக வருபவை, பெரும்பாலும் தாமாகவே ஆறும். ஏ வகை உடலுக்குள் புகுந்து நோயாகத் தெரிய 15 முதல் 50 நாள் ஆகும், எனவே போன வாரம் சாப்பிட்டதில் பழி போட வேண்டாம். அது கண் மஞ்சளாவதற்கு முன்பே மலத்தில் வெளியேறத் தொடங்கிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால் தடுக்க வாய்ப்பு இருக்கிறது, பத்து நாள் காத்திருந்தால் அந்தக் காலம் கரைந்துவிடும். பி என்றால் மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதித்துத் தடுப்பூசி போட வேண்டும். பி தீவிரமாகி ஐஎன்ஆர் ஏறினால் வைரஸை அடக்கும் மாத்திரையை உடனே தொடங்குவார்கள். அதையும் காரணம் தெரிந்தால்தான் தொடங்க முடியும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்து அவருக்கு இந்த அறிகுறி வந்தால் நான் மேலே சொன்ன "நாளைக் காலை" பொருந்தாது, அந்த மணியே கிளம்ப வேண்டும். ஹெபடைடிஸ் இ கடைசி மூன்று மாதத்தில் உயிரைக் குடிக்கும் அளவுக்குத் தீவிரமாகலாம், கர்ப்பத்துக்கே உரிய கல்லீரல் கோளாறுகளும் இருக்கின்றன. பச்சிளம் குழந்தைக்கோ சிறுநீர் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்க வேண்டும். துணியில் மஞ்சள் கறை விட்டு, மலம் வெளுத்திருந்தால் பித்தக்குழாய் உருவாகாத பிறவிக் குறையா என்று பார்க்க வேண்டும். அதற்கான அறுவை சிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். 14 நாளைத் தாண்டியும் மஞ்சள் இருக்கும் குழந்தைக்கு நேர் பிலிருபின், அதாவது கல்லீரல் மாற்றிய பிலிருபின், அளவு எடுக்காமல் விடக் கூடாது.

உங்கள் அண்ணனைப் பொறுத்தவரை, இரவிலேயே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலைகளைச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் தலைகீழாவது, பேச்சில் குழப்பம், கை நடுக்கம், ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், குளிர் நடுக்கக் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி. இவற்றில் ஒன்று போதும். குழப்பம் நோயாளிக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் ஒரு காகிதத்தில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி வையுங்கள். நேற்றுப் போட்டதைவிடக் கோணலாகிவிட்டால் அது ஒரு தடயம்.

எல்லாம் நல்லபடியாகப் போனால் எப்படித் தெரியும் என்றும் சொல்கிறேன். முதலில் பசி திரும்பும். அப்புறம் சிறுநீர் தெளியும். கண் கடைசியில்தான் வெளுக்கும், ஏனென்றால் நோய் நீடிக்கும்போது பிலிருபினில் ஒரு பகுதி ஆல்புமினோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது, அந்த ஆல்புமின் தேய்ந்து போகும்வரை மஞ்சளும் நிற்கும். சிறுநீர் தெளிந்து, ஐஎன்ஆர் சரியாகி, கண் மட்டும் இன்னும் இரண்டு மூன்று வாரம் மங்கலாக மஞ்சளாக இருந்தால் பதற வேண்டாம். ஹெபடைடிஸ் பி என்று வந்திருந்தால் மட்டும், கண் வெளுத்த பிறகும் ஆறாவது மாதத்தில், பி வைரஸின் மேலுறைப் புரதத்தை ரத்தத்தில் தேடும் ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனையை மறுபடி எடுங்கள். அது அப்போதும் பாசிட்டிவாக இருந்தால் வைரஸ் உள்ளே தங்கிவிட்டது, அதற்குத் தனியாகப் பின்தொடர்தல் தேவை. ரத்த அறிக்கை வந்ததும் பிலிருபின், எஸ்ஜிபிடி, ஏஎல்பி, ஐஎன்ஆர் நான்கையும் தேதியோடு இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் என் பதிலுக்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளாதீர்கள்.